ரோஷ் காரியா, கல்லறைக் கல்லா?

கேள்வி:
ஐயா, ரோஸ்ஹில்லில் 12 ஆண்டுகளாக வீட்டிலேயே அச்சார் போட்டு, காத்ர் போர்ன் சந்தையிலும் ஏழெட்டுக் கடைகளிலும் விற்றுவருகிறேன். புதிய லேபிளுக்காக ஒரு வரைகலைஞர் இரண்டு லோகோ வரைந்து தந்தார். ஒன்றில் தோகை விரித்த மயில். தோகைக்குள் எங்கள் பெயர் தமிழில். மற்றதில் ரோஷ் காரி என்ற அம்மிக்கல்லும் அதன் குழவியும். கீழே பெயர் பிரெஞ்சு எழுத்தில். இரண்டையும் முகநூலில் போட்டேன். முதலில் என் பெரிய அண்ணன் மயில்தான் என்று நீளமாக எழுதினார். கடைசியில் மயிலுக்கு 61 பேர், கல்லுக்கு 14 பேர். வாடிக்கையாளர் ஒருவர் மட்டும், அந்தக் கல் கல்லறைக் கல் மாதிரி இருக்கிறது என்று ஐந்து முறை எழுதிவிட்டார். எனக்கோ கல்தான் பிடித்திருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:
அன்புள்ள அம்மா, வணக்கம்.

அந்த 61 பேரில் எத்தனை பேர் கடந்த ஆறு மாதத்தில் உங்கள் போத்தல் ஒன்றையாவது காசு கொடுத்து வாங்கியவர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பெயர்களைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். மொரீஷியஸ் போன்ற சிறிய தீவில் முகநூல் நண்பர்களில் பாதிப் பேர் உறவினர்களாகவும் மீதிப் பேர் கோயிலில் பழகியவர்களாகவும் இருப்பார்கள். அவர்கள் உங்கள் மீது அன்பு கொண்டவர்கள்தான், ஆனால் அச்சார் வாங்குபவர்கள் வேறு ஒரு கூட்டம். மேலும், உங்கள் அண்ணன் முதலில் எழுதிவிட்ட பிறகு வந்த கருத்துகளைத் தனித்தனிக் கருத்துகளாக எண்ண இயலாது. பெரியவர் மயில் என்று சொல்லியிருக்கும் இடத்தில், ஊரறிய மறுத்து எழுதக் கல் பிடித்தவர்களுக்கு என்ன அவசியம்? ஆகவே அங்கே கிடைத்திருப்பது 75 வாக்குகள் அல்ல. ஒரு வலுவான கருத்தும் அதற்குப் பின்னால் வந்த தலையசைப்புகளும்தான்.

கூட்டத்தை விடவும் பெரிய சிக்கல், கேட்ட கேள்வியில் இருக்கிறது. இரண்டில் எது பிடிக்கிறது என்று எந்தக் கடையிலும் எந்த வாடிக்கையாளரும் கேட்கப்படுவதில்லை. அவர் தட்டில் அடுக்கியிருக்கும் பத்துப் போத்தல்களுக்கு நடுவே உங்களுடையதை ஓரிரு நொடி பார்க்கிறார். அந்த நேரத்துக்குள் இது சாப்பிடும் பொருள் என்று அவருக்குப் புரிய வேண்டும், சென்ற மாதம் வாங்கியவர் என்றால் அதே போத்தல் இதுதான் என்று கை அதை நோக்கிப் போக வேண்டும். லோகோ செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் அவ்வளவே. எனவே ரசனையைக் கேட்காமல், இந்த வேலை நடக்கிறதா இல்லையா என்பதைப் பார்க்கும்படி சோதனையை அமைக்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது என் தவறு ஒன்றின் வழியாகத்தான். பல ஆண்டுகளுக்கு முன் குட்லண்ட்ஸ் பக்கம் முறுக்கு, அதாவது இங்கே எல்லாரும் சொல்லும் மூல்கூ, செய்து விற்கும் ஒரு குடும்பத்துக்கு இரண்டு லோகோ வரைந்தேன். ஒன்று, மஞ்சள் நிறத்தில் சுற்றிச் சுற்றி வரும் ஒரு சுருள். மற்றது, தலையில் முக்காடிட்ட ஒரு பாட்டியின் முகம். எனக்குச் சுருள்தான் பெருமையாக இருந்தது. அவர்களிடம் அதிகமாகச் சரக்கு எடுக்கும் கடைக்காரர் ஒருவரும், பாட்டி முகத்தைப் பார்த்தால் இளைஞர்கள் தொடமாட்டார்கள் என்று வந்தபோதெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மாள் மட்டும், எதற்கும் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடலாமே என்றார்.

48 பேரிடம் கேட்டோம். 24 பேருக்குச் சுருளை மட்டும், 24 பேருக்குப் பாட்டியை மட்டும் ஒரு வெள்ளை அட்டையில் ஐந்து நொடி காட்டி, அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, இந்தப் படம் போட்ட பைக்குள் என்ன இருக்கும் என்று கேட்டோம். பாட்டியைப் பார்த்த 24 பேரில் 19 பேர் ஏதோ ஒரு தின்பண்டத்தைச் சொன்னார்கள். சுருளைப் பார்த்தவர்களில் 11 பேர்தான் தின்பண்டம் என்றார்கள். 7 பேர் கொசுவர்த்திச் சுருள் என்றார்கள். மீதி 6 பேருக்கு எதுவும் தோன்றவில்லை. நான் மாதக்கணக்கில் அந்தச் சுருளைப் பார்த்திருந்தும் கொசுவர்த்தி ஒருமுறைகூட என் மனத்தில் தோன்றவில்லை, ஏனென்றால் அது முறுக்கு என்று எனக்கு முன்பே தெரியும். அதே 48 பேரிடமும் கடைசியில் இரண்டையும் சேர்த்துக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டபோது, 26 பேர் சுருள் என்றும் 22 பேர் பாட்டி என்றும் சொன்னார்கள். பிடித்தது எது என்ற கேள்வியை மட்டும் கேட்டிருந்தால், பெரும்பான்மை சுருளுக்கே என்று நானும் கடைக்காரரும் கைகுலுக்கிக்கொண்டு, கொசுவர்த்தி லோகோவோடு முறுக்கு விற்றிருப்போம்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதைச் சற்று விளக்கிவிடுகிறேன். ஒரு நாணயத்தை 48 முறை சுண்டினால் சரியாக 24 தலை, 24 பூ என்று விழுவது அரிது. ஏதாவது ஒரு பக்கம் 26 அல்லது அதற்கு மேல் விழுவது மூன்றில் இரண்டு தடவை நடக்கக்கூடியது. ஆகவே 26க்கு 22 என்பது ஒரு முடிவே அல்ல. 32 பேராவது ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்தான் அதைத் தற்செயல் இல்லை என்று ஓரளவு நம்பலாம். 24க்கு 19, 24க்கு 11 என்ற வேறுபாடு அப்படிப்பட்டதல்ல. இரண்டு படங்களும் உண்மையில் ஒன்றுபோலவே வேலை செய்திருந்தால், எட்டுப் பேர் அளவு இடைவெளி தற்செயலாக வருவது நூற்றில் மூன்று நான்கு தடவைதான். ஒரு படத்துக்கு 24 பேரை வைத்துச் சோதிக்கும்போது இந்த எட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இனி உங்கள் மயிலுக்கும் கல்லுக்கும் வருவோம். இரண்டையும் ஒரே அச்சகத்தில், ஒரே தாளில், லேபிளின் உண்மையான அளவில் அச்சிட்டு வாங்குங்கள். ஒன்று வண்ணத்திலும் மற்றது கறுப்பு வெள்ளையிலும் இருந்தால், நீங்கள் சோதிப்பது லோகோவை அல்ல, வண்ணத்தை. உங்கள் வடிவங்களில் இன்னொரு கலப்படமும் இருக்கிறது: மயிலோடு தமிழ் எழுத்து, கல்லோடு பிரெஞ்சு எழுத்து என்று இரண்டு வேறுபாடுகள் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. மயில் தோற்றால், தோற்றது மயிலா, தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் தடுமாறியதா என்று உங்களால் பிரித்தறிய முடியாது. வரைகலைஞரிடம் சொல்லி, சோதனைக்காக மட்டும், இரண்டிலும் பெயரை ஒரே இடத்தில், தமிழிலும் பிரெஞ்சு எழுத்திலும் ஒரே அளவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அச்சார் என்ற சொல் எதிலும் இருக்கக் கூடாது. இருந்தால், உள்ளே என்ன என்ற கேள்விக்குப் பொருளே இல்லை.

கேட்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. உங்கள் அச்சாரை 12 ஆண்டுகளாகச் சாப்பிடுபவர் உங்கள் முகத்துக்கு நேரே, இது புரியவில்லை அம்மா என்று சொல்லமாட்டார். சந்தையில் யாருக்கும் அறிமுகமில்லாத ஒரு பெண்ணை, இதை வரைந்தவர் வேறொருவர், தனக்கு எதிலும் சம்பந்தம் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுக் கிரியோலில் பேசச் சொல்லுங்கள். ஆளைப் பார்த்து அட்டையைத் தேர்ந்தெடுக்காமல், முதலில் வருபவருக்கு மயில், அடுத்தவருக்குக் கல் என்று வரிசையாகவே மாற்றிக் காட்ட வேண்டும். கொஞ்சம் வயதானவர் வந்தால் மயிலை நீட்டத் தோன்றும். அதற்கு இடம் கொடுத்தால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். 48 பேரில் 16 பேர் உங்கள் நிரந்தர வாடிக்கையாளர்களாகவும், 32 பேர் அச்சார் வாங்குபவர்கள், ஆனால் உங்களுடையதை வாங்காதவர்களாகவும் இருக்கட்டும். உறவினர்களும் உங்கள் பதிவில் கருத்து எழுதியவர்களும் வேண்டாம். ஒருவருக்கு நான்கு நிமிடம் ஆகும். சந்தையில் இரண்டு காலைப் பொழுது போதும்.

அட்டையை ஐந்து நொடி காட்டித் திருப்பிய பிறகு, என்ன பார்த்தீர்கள், இந்தப் போத்தலில் என்ன இருக்கும் என்று இரண்டே கேள்விகள். அவர் வாயிலிருந்து வரும் சொற்களை அப்படியே, கிரியோலில் சொன்னால் கிரியோலிலேயே எழுத வேண்டும். நல்ல கருத்து, எதிர்மறை என்று சுருக்கி எழுதினால் பிறகு ஒன்றும் மிஞ்சாது. அதன் பின் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு தட்டில் பிற தயாரிப்பாளர்களின் போத்தல்கள் எட்டோடு உங்கள் போத்தலையும் வைத்து, சற்று முன் பார்த்ததைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை நொடி ஆனது, முதலில் வேறு எதையாவது சுட்டினாரா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மயில் தோகையின் மெல்லிய கோடுகள் மூடி அளவுக்குச் சுருங்கும்போது மை பரவி ஒரே பச்சைத் திட்டாகிவிடும் என்று எனக்கு ஐயம் உண்டு. அப்படியானால் இந்தத் தட்டுதான் அதைச் சொல்லிவிடும். இரண்டையும் சேர்த்துக் காட்டி எது பிடிக்கிறது, ஏன் என்று கேட்பது எல்லாம் முடிந்த பிறகு, அதுவும் அந்த ஏன் என்பதற்காகத்தான்.

நிரந்தர வாடிக்கையாளர் 16 பேருக்கு மட்டும் ஒரு சிறு மாற்றம். அவர்களுக்கு அட்டையைக் காட்டும் முன்பே தட்டின் முன் நிறுத்தி, வழக்கமாக வாங்கும் போத்தலை எடுக்கச் சொல்லுங்கள். புதிய லேபிள் ஒட்டிய போத்தல்தான் அங்கே இருக்க வேண்டும். 2009இல் அமெரிக்காவில் டிராபிகானா ஆரஞ்சுச் சாறு, ஆரஞ்சுப் பழத்தில் உறிஞ்சுகுழல் குத்திய தன் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதிய அட்டைப்பெட்டியை இறக்கியபோது, வாரக்கணக்கில் விற்பனை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. வழக்கமாக வாங்குபவர்களால் அதை அலமாரியில் அடையாளம் காண முடியவில்லை என்பது அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட காரணம். பிப்ரவரியிலேயே பழைய பெட்டிக்குத் திரும்புவதாக நிறுவனம் அறிவித்தது. அதில் உங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. குறை சொல்லி எழுதியவர்கள் வாங்குபவர்களில் மிகச் சிறிய பங்கினர்தான் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது, ஆனால் அவர்கள் மிகவும் விசுவாசமான வாடிக்கையாளர்கள் என்பதால் செவிசாய்த்ததாகவும் சொன்னது. சத்தம் சிறியது என்பதற்காக அதைத் தள்ளியிருந்தால் தவறாகியிருக்கும், பெரியது என்பதற்காக ஏற்றிருந்தாலும் அது சரியான காரணமாகியிருக்காது. சொன்னவர் யார், அவர் சொன்னது விற்பனையிலும் தெரிகிறதா என்ற இரண்டும்தான் அங்கே கணக்கில் வந்தன. உங்கள் வாடிக்கையாளர்களில் நான்கைந்து பேராவது தட்டின் முன் கையை நீட்டித் தயங்கினால், பழைய லேபிளில் அவர்கள் எதைத் தேடினார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது மூடியின் நிறமாகவோ லேபிளின் ஓரப் பட்டையாகவோ இருக்கும். அதைப் புதிய லேபிளிலும் வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது அந்தக் கல்லறைக் கல். ஐந்து முறை எழுதினாலும் அவர் ஒருவர்தான். உங்கள் கணக்கில் அது ஒரு கருத்து. ஆனால் ஒரு கருத்து என்பதால் பொய் என்றும் ஆகாது. அதை ஒரு ஐயமாக எடுத்துக்கொண்டு, கல் அட்டையைப் பார்த்த 24 பேரின் சொற்களில் தேடுங்கள். கல்லறை, கோயில் கல், நினைவுக்கல் என்று எந்த வடிவத்திலாவது நாலைந்து பேர் தாமாகச் சொல்லியிருந்தால் அது வடிவத்தின் குறைதான். மேற்பக்கம் வளைந்து நிமிர்ந்து நிற்கும் கல்லைக் கிடத்திப் போட்டு, குழவியைக் குறுக்கே வைத்து, ஒரு மிளகாயையும் சேர்த்தால் தீரக்கூடியது. ஒருவர் மட்டும் சொன்னாலோ எவரும் சொல்லாவிட்டாலோ விட்டுவிடலாம், ஆனால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: 24 பேரில் எவரும் சொல்லாதபோதும், வெளியே எட்டில் ஒருவர் வரை அப்படி நினைப்பவர்கள் இருக்க இடமுண்டு. இது பெரிய ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் சோதனை, சிறியவற்றுக்கு இது போதாது. எக்காரணம் கொண்டும் அந்தப் பெண் யாரிடமும், இது கல்லறை மாதிரி இருக்கிறதா என்று கேட்டுவிடக் கூடாது. அப்படிக் கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். அதன் பிறகு அவர்கள் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது.

சொற்களைப் பிரிக்கும்போது, ஒருவர் கண்டதையும் அவர் தரும் யோசனையையும் தனித்தனியாக எழுதுங்கள். கல்லைச் சிவப்பாக்குங்கள் என்று ஒருவர் சொன்னால், அந்தச் சிவப்பு அவருடைய மருந்து. நமக்கு வேண்டியது அவருடைய நோய். கல் சாம்பல் நிறத்தில் இருப்பதால் அது சமையல் பொருளாகத் தெரியவில்லை என்பது ஒருவேளை அதற்குப் பின்னால் இருக்கலாம். உரக்கப் பேசுபவர்கள் பெரும்பாலும் மருந்தைத்தான் சொல்வார்கள், நோயைச் சொல்லமாட்டார்கள். அதனால்தான் அவர்களின் பேச்சு உறுதியாக ஒலிக்கிறது. இந்தப் பிரிப்பை நீங்களும் உங்கள் அண்ணனும் ஒருவர் தாளை மற்றவர் பாராமல் தனித்தனியே செய்யுங்கள். வேறுபடும் இடங்களை மட்டும் பிறகு சேர்ந்து பேசினால் போதும்.

எண்ணிக்கையே செல்லாத சில விஷயங்களும் உண்டு. உங்கள் பெயரின் கடைசியில் மெய்யெழுத்து இருந்து, தோகைக் கண்களின் நடுவே அதன் புள்ளி காணாமல் போயிருந்தால், 48 பேரில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஒருவர் அதைக் கண்டு சொன்னாலும் திருத்தத்தான் வேண்டும். மயில் முருகனின் வாகனம் ஆதலால், காவடிக்கு விரதம் இருப்பவர் யாராவது, காலியான போத்தலோடு மயிலைக் குப்பையில் போட மனம் வரவில்லை என்று மெதுவாகச் சொன்னால், அதையும் வாக்குக் கணக்கில் சேர்க்காமல் தனியாக எடுத்து யோசியுங்கள். எழுத்து வரிசை போன்ற ஒரு சிறிய விஷயம் நம் தீவில் எவ்வளவு பெரிதாக முடியும் என்பதை நாம் அறிவோம்: 1998இல் வெளிவந்த புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் இந்திக்குப் பின்னால் தள்ளப்பட்டதால் எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. எனவே இறுதி லேபிளில் எந்த எழுத்து மேலே வரும் என்பதைச் சந்தைச் சோதனையின் முடிவுக்கு விடாமல், நீங்களே யோசித்து முன்கூட்டித் தீர்மானித்துவிடுங்கள்.

சந்தைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில், எந்த முடிவு வந்தால் என்ன செய்வோம் என்று எழுதி, அண்ணனையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். நான் எழுதுவதாக இருந்தால் இப்படித்தான் எழுதுவேன். சாப்பிடும் பொருள் என்று புரிந்துகொண்டவர்களில் ஒன்று மற்றதை எட்டுப் பேருக்குக் குறையாமல் முந்தினால் அதுவே தேர்வு. அந்த அளவுக்கு முந்தவில்லை என்றால், நிரந்தர வாடிக்கையாளர்கள் தயக்கமின்றி எடுத்தது எதுவோ அது. அதிலும் தெளிவான வேறுபாடு இல்லை என்றால், இரண்டும் வேலையைச் செய்கின்றன என்று பொருள், அப்போது கடை நடத்துபவர் என்ற முறையில் உங்களுக்குப் பிடித்த கல்லையே வைத்துக்கொள்ளலாம். அண்ணனுக்கு அப்போது சொல்ல ஒன்றும் இருக்காது, ஏனென்றால் விதியில் அவருடைய கையெழுத்தும் இருக்கும். முடிவு தெரிந்த பிறகு எழுதும் விதிக்கு இந்தப் பலன் கிடையாது.

முதல் அச்சில் 200 லேபிளுக்கு மேல் போடாதீர்கள். அந்த ஐந்து முறை எழுதிய வாடிக்கையாளரை, தாள்களைப் பிரித்து முடித்த பிறகு, ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, படத்தின் எந்த இடத்தைப் பார்த்ததும் கல்லறை நினைவுக்கு வந்தது என்று கேளுங்கள். மேல் வளைவா, சாம்பல் நிறமா, கீழே பெயர் எழுதியிருக்கும் விதமா என்பதை அவரைப் போல் உற்றுப் பார்த்தவர் வேறு எவரும் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. என் ஊகம், அந்தப் பெயர்தான்.